மௌன வாசிப்பும் மூன்றாம் அட்டவணையும்

ஆராய்ச்சியின் அட்டவணை வருவதற்கு முன்பே அதைப் பற்றிய விவாதத்தை எழுதி முடித்த ஒரே ஆள் நான்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிற்பாடு சிலரிடம் பேசிப் பார்த்ததில் அந்தப் பெருமையும் எனக்கில்லை என்று தெரிந்தது.

நாற்பதுகளின் கடைசி. மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆசிரியக் கல்வியில் மேல்பட்டத்துக்கு ஆய்வுரை எழுதினேன். பாடத்தை வாய்விட்டுப் படிக்கும் பிள்ளைகளைவிட மனதுக்குள் படிக்கும் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிகிறதா என்பது கேள்வி. விடை எனக்கு முன்பே தெரியும். வகுப்பு முழுக்க ஒரே குரலில் இரைவதைக் கேட்டு எனக்குத் தலைவலி வந்துகொண்டிருந்தது. அதற்கு மருந்து விஞ்ஞானத்திடம் இருக்கும் என்று நம்பினேன்.

தலைமையாசிரியையான மதரும் நம்பினார். "உங்க ஆராய்ச்சி முடியட்டும் டீச்சர். சரின்னு வந்தா, ஜூன்லேர்ந்து சத்தம் போட்டுப் படிக்கிறதையே நிறுத்திடலாம்" என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. விவாத அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். வெளிநாட்டு ஆய்வுகளில் எனக்குச் சாதகமானவற்றையெல்லாம் வரிசையாக நிறுத்தினேன். நம் ஊரிலேயே ஒருவர் இதே கேள்வியை ஆராய்ந்து, இரண்டு முறைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். 'சூழ்நிலை வேறு' என்று அவரை ஒரே வரியில் வழியனுப்பி வைத்தேன்.

சோதனையை எங்கள் பள்ளியிலும் தியாகராய நகரில் ஒரு பள்ளியிலும் நடத்தினேன். கணக்குப் போட்டு அட்டவணைகளைத் தயாரித்ததும், அவற்றை விவாதத்துக்கு நடுநடுவே செருகி, டைப் அடிக்கக் கொடுத்துவிட்டேன். கல்யாணப் பந்தலில் வாழைமரம் கட்டுவதுபோல அவை நிற்கும் என்று நினைப்பு.

டைப் அடித்து வந்த அட்டவணையைச் சரிபார்க்க ஒருவர் வாய்விட்டுப் படிக்கவேண்டும், மற்றவர் கையெழுத்துப் பிரதியில் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். இலக்கம் இடம் மாறியிருந்தால் வேறு எப்படியும் பிடிபடாது. எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் எனக்கு நெருங்கிய சிநேகிதி. அபிராமபுரத்தில் அவள் வீட்டு ஊஞ்சலில் அவள் படிக்க, எதிரே நான் விரலோட்டினேன்.

மூன்றாம் அட்டவணையைப் படித்தாள். எங்கள் பள்ளியில் மனதுக்குள் படித்த குழு, வாய்விட்டுப் படித்த குழு இரண்டின் சராசரி, அவற்றின் வித்தியாசம், தற்செயலாகவே எவ்வளவு வித்தியாசம் வரக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழை. அதே குரலில் கீழே இருந்ததையும் படித்தாள்: 'மௌன வாசிப்பே மேலானது என்பதை இவ்வட்டவணை ஐயமின்றி நிரூபிக்கிறது.'

ஊஞ்சல் நின்றது.

"வித்தியாசம், பிழையைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தின்னு இப்பத்தானே படிச்சேன்? மூணு மடங்காவது இருக்கணும்னு நீதானே மொதல் அத்தியாயத்துல எழுதியிருக்கே?"

"ஆமாம்."

"தி. நகர் ஸ்கூல்ல சத்தம் போட்டுப் படிச்சவாதான் கொஞ்சம் மேல. அது பின்னாடி அனுபந்தத்துல இருக்கு. ஏன்?"

"இடம் போதலை" என்றேன். அவள் சிரிக்காததுதான் எனக்கு வலித்தது.

அந்த வரியை நான் எத்தனையோ முறை மனதுக்குள் படித்திருக்கிறேன். ஒருமுறைகூட உறுத்தவில்லை. அவள் வாய்விட்டுப் படித்ததும்தான் காதில் குத்தியது. மௌன வாசிப்பின் மகிமையைப் பற்றிய அத்தியாயத்துக்கு இப்படி ஒரு கதி.

அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். இரண்டு பள்ளிகளையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் எண்கள் சொல்வதை மட்டும் சொன்னேன். இரண்டு முறையும் சமம் என்றும் எழுதவில்லை. வித்தியாசம் உண்டென்று இந்தச் சோதனையால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். வழியனுப்பிய நம் ஊர்க்காரரைத் திரும்ப அழைத்து வந்து, என் முடிவு அவர் முடிவோடு ஒத்துப்போகிறது என்று எழுதினேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் படித்தது தாய்மொழியில், நம் பிள்ளைகள் படித்தது அந்நிய மொழியில். மாறுபாட்டுக்கு அது காரணமாக இருக்கலாம் என்றேன். 'இருக்கலாம்' என்ற சொல்லை அதுவரை நான் எழுதியதே இல்லை. கை கூசியது.

மதரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ ஜூன்ல என்ன செய்யறது?"

"தெரியலை மதர்."

"இவ்வளவு நாள் ராப்பகலா உழைச்சு இதைத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமாம் மதர்."

"சரி. பழையபடியே சத்தம் போட்டுப் படிக்கட்டும்."

பட்டம் கிடைத்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைவலியும் திரும்பி வந்தது. முதல் வாரமே, அத்தனை இரைச்சலுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் ஒருத்தி, புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைத் தனக்குத் தோன்றியபடி படித்துக்கொண்டு போனாள். எனக்குக் கேட்டது; மனதுக்குள் படித்திருந்தால் கேட்டிருக்காது. பக்கத்தில் போய் நின்று, இன்னொரு தடவை படி என்றேன்.