பொன்புள்ளிச் சிவப்புக் காப்பு

முரசுமோட்டைப் பெண்களுக்குச் சபூறா என்றால் கொஞ்சம் பயம். முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து கண்ணாடிக் காப்புப் பெட்டியை இறக்கினால் விலையைச் சொல்லமாட்டாள். முதலில் சீலையைக் கொண்டு வா, சட்டையைக் கொண்டு வா என்பாள். விற்க வந்தவளா, விசாரணைக்கு வந்தவளா என்று நாங்கள் சிரிப்போம். ஆனால் அவள் போட்டுவிட்ட கையைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும்.

பக்கத்து வளவு நேசமலருக்கு ஆவணியில் கலியாணம். கிளிப்பச்சைப் பட்டு, அரக்குக் கரை, கரையோடு பொருந்திய அரக்குச் சட்டை. அவள் மனமோ பொன்புள்ளி வைத்த சிவப்புக் காப்பில் விழுந்துவிட்டது. சபூறா அதில் ஒன்றை எடுத்துச் சட்டையின் மேல் வைத்துக் காட்டினாள். அரக்கும் மங்கியது, சிவப்பும் மங்கியது.

“கரையிலயும் அரக்கு, சட்டையிலயும் அரக்கு. கையிலயும் சிவப்பு நிறைஞ்சா உன்ர முகத்தை ஆர் பார்க்கிறது, மகள்?”

கைக்கு ஆறு பச்சை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு அரக்கு, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு சொன்னாள். சிவப்பு பெரிய அளவு, கையில் நில்லாது என்றும் சொன்னாள். அந்தப் பச்சை அன்று பெட்டியில் இல்லை; அடுத்த கிழமை கொண்டுவருவதாகப் போனாள். நேசமலரின் முகம் சுருங்கிப்போனது. தாய் பத்மாசனி, காப்புக்காரி சொன்னால் சரிதான் என்று மகளை அடக்கிவிட்டா.

அடுத்த கிழமை சபூறா பச்சையோடு வந்து இறங்கியபோது அந்த வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். முதல்நாள் பின்னேரம் வயலில் நேசமலரைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. வைத்தியரிடம் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மணமாலை காணாமல் போகிறவளை மணப்பெண்ணாகவே அனுப்பவேண்டும் என்று பத்மாசனி மகளுக்கு அந்தப் பட்டையும் சட்டையையும் உடுத்திவிட்டிருந்தா. சபூறாவைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனா. நானும் அங்கேதான் இருந்தேன்.

சபூறா நேசமலரின் கையில் வழுக்கச் சவர்க்காரம் தடவி, உள்ளங்கையைக் குறுக்கி, பெருவிரலை மடித்துப் பச்சையை ஏற்றப் பார்த்தாள். உயிருள்ள கை மடங்கிக் கொடுக்கும். அந்தக் கை கொடுக்கவில்லை. முதல் காப்பு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதை அவள் எடுக்கவில்லை. பெட்டியின் அடியில் கைவிட்டு, விலைப்படாமல் கிடந்த அந்தச் சிவப்பை எடுத்தாள். சவர்க்காரம் தேவைப்படவில்லை.

“நிறம் பொருந்துதோ, சபூறாக்கா?” என்று பத்மாசனி கேட்டா.

“ஓம், நல்லாப் பொருந்துது. பிள்ளை ஆசைப்பட்டதெல்லே, முழுக்கப் போடுவம்.”

இரண்டு கையிலும் ஒரு டசின் ஒரு டசினாக ஏற்றினாள். அரக்குச் சட்டைக்குக் கீழே அந்தச் சிவப்பு பொருந்தவே இல்லை. சபூறா காப்பு விஷயத்தில் பொய் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான்.