அரசப்பனின் சந்தேகமும் ஒரு தக்கையும்

அரசப்பன் யாரையும் நம்பியதில்லை. டீக்கடையில் கிளாசை வாங்கியதும் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பஸ் கண்டக்டர் சில்லறை கொடுத்தால் நாணயத்தைத் தட்டி ஓசை கேட்பார். போலீசில் கான்ஸ்டபிளாகவே இருந்து ரிட்டயர் ஆன மனிதர், பதவி உயர்வு ஒன்றுகூட வரவில்லை. மேலதிகாரிகளையும் சந்தேகப்பட்டால் எங்கிருந்து வரும்? சொந்த ஊர் திருவாலங்காடு. ரிட்டயர் ஆன பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்புக் கம்பெனியில் கேட் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நாய்க்கு எலும்பு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. வெளியே போகிற ஒவ்வொரு டிபன் பாக்சையும் திறந்து முகர்ந்து பார்க்கலாம், சம்பளமும் உண்டு.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொன்னேரி கோர்ட்டில் வக்கீல். அவர் சாட்சி சொல்ல வந்தது என் கட்சிக்காரனுக்கு எதிராக.

என் கட்சிக்காரன் பெயர் நாகமுத்து. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன், அந்தக் கம்பெனியில் ஹெல்பர். எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசிக் காற்றில் அவன் அண்ணனுடைய படகு கால்வாய் முகத்தில் கவிழ்ந்து சேற்றில் புதைந்துவிட்டது. நாகமுத்து சனிக்கிழமை வேலை முடிந்ததும் கம்பெனி ஸ்டோரில் ஆணியில் மாட்டியிருந்த சங்கிலிக் கப்பியை எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, கேட் வழியாகவே ஓட்டிக்கொண்டு போனான். பாரம் தூக்குகிற கப்பி அது. செயின் பிளாக் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பனங்கட்டைகளைக் கூட்டி நிறுத்தி, கப்பியை மாட்டி, ஊரே கூடிப் படகை இழுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து கப்பியோடு அவனையும் கொண்டுபோனது.

வேலைக்காரன் முதலாளியின் பொருளைத் திருடினான் என்று முந்நூற்று எண்பத்தொன்றாவது பிரிவில் கேஸ். ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம். அவ்வளவு போடமாட்டார்கள் என்றாலும், திருடன் என்று ஒருநாள் தண்டனை வாங்கினால் போதும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் எந்தக் கம்பெனிக் கேட்டும் அவனுக்குத் திறக்காது.

பெயிலில் வந்தவன் என் எதிரே நின்று ஒரே பாட்டைப் பாடினான்.

"திங்கக்கெழம திருப்பிக் கொணாந்து மாட்டிருப்பேன் சார். கடனாத்தான் எடுத்தேன்."

"அது உன்னைக் காப்பாத்தாது," என்றேன். "நிரந்தரமா வெச்சுக்கணும்னு எடுத்தாத்தான் திருட்டுன்னு நம்ம சட்டத்துல இல்ல. ஒரு நாளைக்குன்னு எடுத்தாலும் திருட்டு திருட்டுதான். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. கப்பிய எடத்தவிட்டு நகத்தினியா?"

"நகத்தாம எப்படி சார் எடுக்கறது?"

"அது கம்பெனி கைவசம் இருந்துதா?"

"ஆமா."

"யார்கிட்டயாவது கேட்டியா?"

தலையைச் சொறிந்தான். "ஃபோர்மேன் ஜெயராஜு சீக்கிரமே ஊட்டுக்குப் போய்ட்டாரு. ஆனா கேட்டா இல்லன்னு சொல்லமாட்டாரு சார். பொங்கலுக்கு முந்தி தண்ணி இறைக்கற பம்ப குடுத்தனுப்புனாரு. கேட்டாண்ட அரசப்பண்ணன் கைல சத்தமா சொல்லிட்டுத்தான் போனேன், கப்பி எடுத்துக்கினு போறேன்னு."

வாட்ச்மேன் தலையாட்டினால் அது கம்பெனியின் சம்மதம் ஆகாது. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. கப்பியை ஆணியிலிருந்து கழற்றிய அந்த நொடியில் இவன் மனசில் என்ன இருந்தது? ஜெயராஜ் சம்மதிப்பார் என்று உண்மையாகவே நம்பி எடுத்திருந்தால், நேர்மைக்கேடான எண்ணம் இல்லை, திருட்டும் இல்லை. ஆனால் மனசுக்குள் போய்ப் பார்க்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. வெளியே ஏதாவது அடையாளம் வேண்டும்.

"தக்கைய மாட்டிட்டு வந்தேனே சார்," என்றான் நாகமுத்து.

அவர்கள் குப்பத்து வழக்கமாம். ஆள் இல்லாத நேரத்தில் ஒருவன் சாமானை எடுக்க வேண்டி வந்தால், தன் வலையை மிதக்க வைக்கிற தக்கைகளில் ஒன்றை அவிழ்த்து அந்த இடத்தில் கட்டிவிட்டுப் போவார்களாம். ஒவ்வொரு குடும்பத்துத் தக்கையிலும் தனியாக ஒரு வெட்டு இருக்கும். பார்த்தவனுக்கு யார் எடுத்தது, திரும்பி வரும் என்பது இரண்டும் தெரிந்துவிடும். கப்பி மாட்டியிருந்த ஆணியில் மூன்று வெட்டுத் தக்கையை மாட்டிவிட்டுத்தான் வந்தானாம்.

நான் நம்பவில்லை. போலீஸ் ரிப்போர்ட்டில் தக்கை இல்லை. ஜெயராஜிடம் ஆள் விட்டுக் கேட்டேன். தான் எந்தத் தக்கையையும் பார்க்கவில்லை, பம்பும் கொடுக்கவில்லை என்று சொல்லியனுப்பினார். முன்பு கொடுத்தது தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து, அதனால் பொய் சொல்கிறார் என்று ஒரு பக்கம் பட்டது. நாகமுத்துவே ஜெயிலுக்குள் உட்கார்ந்து தக்கைக் கதையைக் கட்டியிருப்பான் என்று இன்னொரு பக்கம் பட்டது. இரும்புப் பட்டறையில் தக்கையை மாட்டினால் யாருக்குப் புரியும்? புரியும் என்று நினைத்த மடையன் ஒருவன் இருந்தால் அவன் நிரபராதிதான். ஆனால் அப்படி ஒரு மடையன் இருப்பான் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

விசாரணை நாளில் கோர்ட் வராந்தாவில் அரசப்பனைப் பார்த்தேன். கழுத்தில் போலீஸ் காலத்துப் பித்தளை விசில் தொங்க, மடியில் ஒரு மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி மேனேஜர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அரசப்பன் அவரை மேலும் கீழும் பார்த்ததைப் பார்த்தேன். மேனேஜர் என்ன சொன்னார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்டார்: "எதிரி நாகமுத்து கப்பியை எப்படிக் கொண்டுபோனான்? சாக்கில் சுற்றி மறைத்துத்தானே?"

"இல்லீங்க. கேரியர்ல கட்டிக்கினு போனான். தொறந்துதான் இருந்துது."

அரசு வக்கீலுக்கு முகம் கோணியது. "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசிச்சிட்டேன். சாக்குன்னு சொல்லச் சொல்லி மேனேசர் ஐயா வெளிய சொன்னாரு. இல்லாத சாக்க இவரு ஏன் சொல்லச் சொல்றாருன்னு எனக்கு அவர் மேலயே சந்தேகம் வந்துட்டுது."

கோர்ட்டில் சிரிப்பு. மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். மேனேஜர் கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

என் முறை வந்தது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனால் அரசப்பன் போகிற வேகத்தில் எனக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது.

"போகும்போது நாகமுத்து உங்களிடம் ஏதாவது சொன்னானா?"

"கப்பி எடுத்துக்கினு போறேன், திங்கக்கெழம வந்துரும்னான். போவட்டும், எங்க விக்கிறான் பாக்கலாம்னு உட்டேன். அப்புறம் மேனேசருக்குச் சொன்னேன்."

"அதற்கு முன்னால் வேறு ஏதாவது கொண்டுபோயிருக்கிறானா?"

"பொங்கலுக்கு முந்தி ஒரு பம்பு. அன்னிக்கும் எனக்கு சந்தேகந்தான். ஃபோர்மேன கேட்டேன். 'உடுய்யா, பேஜாரு பண்ணாத, நான்தான் குடுத்தேன்'னாரு. பம்பு வந்துது. வந்ததும் அதே பம்பு தானான்னு தொறந்து பாத்தேன்."

"அதே பம்புதானா?"

"அதேதாங்க," என்றார், ஏமாற்றத்தோடு.

போதும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். கால் உட்காரவில்லை. "ஸ்டோரில் வேறு எதையாவது கவனித்தீர்களா?"

இதற்காகவே காத்திருந்தவர் போல அரசப்பன் மஞ்சள் பையை அவிழ்த்தார். காகிதம், அதற்குள் துணி, அதற்குள் மறுபடி காகிதம். கடைசியில் ஒரு தக்கையை எடுத்து நீட்டினார். மூன்று வெட்டு.

"கப்பி இருந்த ஆணில இது தொங்கிக்கினு இருந்துதுங்க. திருட்டுக் கூட்டத்துக்காரன் அடுத்தவனுக்கு அடையாளம் வெச்சிட்டுப் போறான், இன்னொரு நாள் இன்னொருத்தன் வருவான்னு புரிஞ்சிக்கினேன். எஸ்.ஐ. கிட்ட குடுத்தேன். தூக்கிப் போடுய்யான்னாரு. அவர் மேலயும் சந்தேகப்பட்டு நானே பத்திரமா வெச்சிக்கினேன்."

நாகமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். 'இப்பவாவது நம்புறியா?' என்று கேட்கிற பார்வை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அரசு வக்கீல் ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் தக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கள் தரப்புச் சான்றாகக் குறித்துக்கொண்டார். அடுத்த வாய்தாவில் குப்பத்திலிருந்து அங்காளம்மாள் என்ற கிழவியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் தக்கையைப் பார்த்ததும், "இது நாகமுத்து ஊட்டு தக்கைதான். இது எப்படி இங்க வந்துது? யாரு இன்னாத்த எடுத்தாங்க?" என்று கேட்டாள். அதற்கு மேல் வழக்கத்தைப் பற்றி நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பு சுருக்கமாகத்தான் இருந்தது. கப்பி நகர்த்தப்பட்டது உண்மை. கம்பெனி அன்று சம்மதம் தரவில்லை என்பதும் உண்மை. திங்கட்கிழமை திருப்பித் தருவேன் என்பது மட்டும் இருந்தால் எதிரி தப்ப முடியாது. ஆனால் முன்பு ஃபோர்மேன் கொடுத்த பழக்கத்தால் இப்போதும் சம்மதம் உண்டு என்று எதிரி நம்பியிருக்கிறான். எடுத்தது யார் என்று தன் வீட்டு அடையாளத்தையே வைத்துவிட்டு, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் போயிருக்கிறான். எடுத்த நேரத்தில் நேர்மைக்கேடான எண்ணம் இருந்ததாக அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. விடுதலை.

நாகமுத்து மறுபடி வேலைக்குப் போனான். வேலை போனது அரசப்பனுக்கு. சாக்கு இருந்தது என்று சொல்லாத வாட்ச்மேன் கம்பெனிக்கு எதற்கு? அதைக் கேள்விப்பட்டு எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேனேஜருக்கு ஒரு நோட்டீஸ் விடலாம், வாருங்கள் என்று அரசப்பனுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுல உங்களுக்கு இன்னா சார் லாபம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு பொன்னேரி சந்தையில் எப்போதாவது கண்ணில் படுவார். தக்கை விஷயத்தில் அவர் சந்தேகம் கடைசி வரை தீரவில்லை. "அந்தக் கிழவியும் அவன் ஆளாயிருந்தா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் கோர்ட்டிலிருந்து ஆபீசுக்குத் திரும்பினால் கதவு மூலையில் மாட்டியிருந்த என் குடையைக் காணோம். எந்தத் திருட்டுப் பயல் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகுதான் பார்த்தேன். குடை மாட்டுகிற ஆணியில் ஒரு பழைய பித்தளை விசில் தொங்கியது. அரசப்பன் கழுத்தில் எப்போதும் கிடக்கிற போலீஸ் விசில். நான் நாற்காலியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, குடை வரவில்லை. விசிலைத் தினமும் பார்ப்பேன். வரும் என்று எனக்குத் தெரியும்.

தை பிறந்த பிறகு அவர் மகள் கோவிந்தம்மா குடையோடு வந்து வாசலில் நின்றாள். நெற்றியில் பொட்டில்லை, தலை எண்ணெய் கண்டு நாளாகியிருந்தது. மார்கழியில் அப்பா போய்விட்டார், காய்ச்சல் என்றாள். நான் கையை நீட்டினேன். அவள் குடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார். விசில மொதல்ல கைல வாங்கிக்கினு அப்புறமா குடைய குடுன்னு நைனா சொல்லிட்டுப் போனாரு."