சாவிக்காரருக்கு மட்டும் ஒரு பதில்

அந்தக் கடைத்தெருவில் சாவிக்காரர் திறக்காத பூட்டு கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாத மனிதர், பதினோரு வயதில் அரத்தைக் கையில் பிடித்தார். இன்றைக்குச் சொந்தக் கடை, சொந்த இயந்திரம், சுவர் முழுக்கக் கொக்கிகளில் தொங்கும் சாவிகள். யார் கைகொடுத்தும் மேலே வந்தவரில்லை. இதை அவரே வாரத்துக்கு நாலு தடவை யாரிடமாவது சொல்லிவிடுவார். சொன்னால் என்ன, உண்மைதானே.

கல்யாணம்தான் ஆகவில்லை. தங்கைகளைக் கரையேற்றி, கடையைக் கரையேற்றி, நிமிர்ந்து பார்த்தபோது காதோரம் நரைத்திருந்தது. அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. சட்டையை வெள்ளையாக உடுத்தினார், மீசையை ஒழுங்காக வெட்டினார், அவ்வளவுதான்.

தெருக் கடைக்காரர்கள் எல்லோருக்குமாக ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. அதை ஆரம்பித்தவர் அவருடைய அக்கா, ரொட்டிக்கடைக்காரி. காலையில் பூ படம், மதியம் யாரோ அனுப்பிய வைத்தியக் குறிப்பு, மாலையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியவனைப் பற்றிய சண்டை என்று சந்தைக் கூச்சல் ஓயாது. அந்தக் கூச்சலில் கண்ணாடிக் கடை அம்மா வாயைத் திறப்பதே இல்லை. மூக்குக் கண்ணாடி விற்பவர், கணவரை இழந்து தனியாகக் கடை நடத்துபவர். ஆனால் சாவிக்காரர் எழுதினால் மட்டும் அவரிடமிருந்து பதில் வந்துவிடும்.

"மழை வரும்போல இருக்கே" என்று இவர் எழுதினால், "குடையை எடுத்துக்கோங்க" என்று வரும். "இன்னைக்குத் தண்ணி வருமா?" என்றால், "நாலு மணிக்கு" என்று வரும். செருப்புக் கடைக்காரர் சுத்தியல் கேட்டுக் கத்தினார். கண்ணாடிக் கடை கம்மென்று இருந்தது.

"டேய் தம்பி, அவளுக்கு உன்மேல ஒரு இது" என்றாள் அக்கா, ரொட்டித் தட்டை அடுப்பிலிருந்து இழுத்தபடி.

"சும்மா இரு அக்கா. தேஞ்ச பூட்டு எந்தச் சாவிக்கும் திறக்கும். வேற சாவி போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப போட்டுப் பாரேன்."

போட்டுப் பார்த்தார்கள். "நாளைக்குக் கரண்ட் இருக்குமா?" என்று முதலில் அக்கா கேட்டாள். சாயங்காலம்வரை கண்ணாடிக் கடையிலிருந்து பதில் இல்லை. அதே கேள்வியை, ஒரு எழுத்து மாற்றாமல், சாவிக்காரர் கேட்டார். கையிலிருந்த சாவியை அராவி முடிப்பதற்குள், "இருக்கும். எதுக்கும் மெழுகுவத்தி வச்சுக்கோங்க" என்று வந்துவிட்டது.

"மெழுகுவத்தியாம்!" அக்கா தொடையைத் தட்டிச் சிரித்தாள். "போய்க் கேளுடா. நீ கேக்கலைன்னா நான் கேப்பேன்."

சாவிக்காரர் அன்றே புதுச் சட்டைக்குத் துணி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடுவது என்று முடிவு. பூட்டே தானாகத் திறந்து நிற்கும்போது வாசலில் நின்று யோசிக்கிற ஆள் அவரில்லை.

சனிக்கிழமை செல்போன் கைதவறி விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. அதை மாற்றுவதற்காகச் செல்போன் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தார். மாற்றி முடித்ததும் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள் என்றார் அவர். சாவிக்காரர், தேடாமல் எடுப்பதற்காக நட்சத்திரம் போட்டுவைத்த செய்திகளைத் திறந்தார். அதில் ஒரே ஒரு செய்திதான் இருந்தது. கண்ணாடிக் கடை அம்மா முன்பு எப்போதோ எழுதியது: "கடைச் சாவியைத் தொலைத்துவிட்டேன், சாவிக்காரர் யாராவது இருக்கிறீர்களா?" சாவிக்காரர் அதைத் தொட்டு, வலப்பக்கம் இழுத்து, கீழே எழுத ஆரம்பித்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"செய்தி அனுப்பறேன். அக்காதான் சொல்லிக்கொடுத்தாங்க. இதை இழுத்தா எழுதற இடம் வரும்."

"எல்லாச் செய்தியும் இப்படித்தான் அனுப்புவீங்களா?"

"பின்னே? சாவின்னா ஒரு துவாரத்துல நுழைக்கணும்ல? சும்மா காத்துலயா திருப்புவாங்க?"

ரிப்பேர்க்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அந்தச் சாவி தொலஞ்சப்ப 'இதோ வரேன்'னு பதில் சொல்லத்தான் அக்கா காட்டிக்கொடுத்திருப்பாங்க. நீங்க மழைக்கும் தண்ணிக்கும்கூட அந்த அம்மாவோட செய்திக்கே பதில் போட்டுட்டு இருக்கீங்க! கண்ணாடிக்கடை அம்மா இந்த குரூப்பை மியூட்ல போடச் சொன்னாங்க, நான்தான் போட்டுக் கொடுத்தேன். மியூட்ல போட்டா வேற எவன் கத்தினாலும் சத்தம் வராது. ஆனா அவங்க செய்திக்கே ஒருத்தர் பதில் போட்டா, மணி அடிக்கும்."

சாவிக்காரர் விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார். தேய்ந்த பூட்டுமில்லை, பொருந்திய சாவியுமில்லை. ஒரு பெண்பிள்ளை வீட்டு மணியை இத்தனை காலம் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம், பாவம், அவர் மரியாதைக்கு எட்டிப்பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார். காது மடல் வரை சூடேறியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கும் போகவில்லை. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, ரிப்பேர்க்காரர் காட்டியபடி அடியில் உள்ள கட்டத்தில் நேராக எழுதினார்: "வெயில் அதிகம்." பூ படங்கள் அதை மூடின. மறுநாள், "தெருவிளக்கு எரியவில்லை." செருப்புக் கடைக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிக் கடை வாய் திறக்கவில்லை.

"பாத்தியா அக்கா? மணியில்லைன்னா பதிலில்லை. உன் பேச்சைக் கேட்டுப் போயிருந்தா இந்தத் தெருவுல நான் தலை நிமிந்து நடந்திருக்க முடியுமா?"

அக்கா அடுத்த ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளினாள்.

வாரக் கடைசியில் சாவிக்காரர் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தபோது கடை வாசலில் நிழல் விழுந்தது. கண்ணாடிக் கடை அம்மா.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"அப்புறம் ஏன் சத்தத்தையே காணோம்? பயந்துபோய் அந்த குரூப்பைத் திறந்தேன். எத்தனை பூ! தள்ளித் தள்ளிக் கட்டைவிரலே தேஞ்சுபோச்சு. கடைசியில பாத்தா வெயில் அதிகம்னு எழுதியிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

சாவிக்காரருக்கு மறைக்கத் தெரியாது. துவாரத்திலிருந்து மணிவரை எல்லாவற்றையும் சொன்னார். "தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க. மணி அடிச்சதாலதான் நீங்க பதில் போட்டிருக்கீங்க."

"அப்படியா?" அந்த அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செருப்புக் கடைக்காரர் எழுதறப்பல்லாம் @ போட்டு என் பேரையும் கோத்துவிடறார். பேரைக் கோத்தாலும் மணி அடிக்கும், தெரியுமா? சுத்தியல் இருக்கா, ஏணி இருக்கான்னு தினமும் மணி. ஒருதடவையாவது நான் பதில் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

சாவிக்காரர் யோசித்துப் பார்த்தார். பார்த்ததில்லை.

"மணி அடிக்கிறது போனோட வேலை சாவிக்காரரே. மெழுகுவத்தி வச்சுக்கச் சொன்னது நான்."

சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அம்மா தன் செல்போனில் எதையோ தட்டினார். சாவிக்காரரின் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். குரூப்பில் இல்லை, தனியாக வந்திருந்தது: "கடை சாத்தினதும் ஆத்தோரமா ஒரு நடை போகலாமா?"

அவர் விரலை வைத்து அந்தச் செய்தியை வலப்பக்கம் இழுக்கப் போனார்.

"அட, எதிர்லதானே உக்காந்திருக்கேன்!" என்றார் அந்த அம்மா. "வாயைத் திறந்து சொல்லுங்க."

"புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கேன்," என்றார் சாவிக்காரர். "வாங்கிட்டு வந்துடறேன்."

பக்கத்து ரொட்டிக்கடையில் ஒரு தட்டு கீழே விழுந்த சத்தமும், அதற்குமேல் அக்காவின் சிரிப்பும் கேட்டன.