பத்து நிமிடக் கடிகாரம்

என் அண்ணன் தீனதயாளன் மாமல்லபுரத்தில் ஆறு அறைகள் கொண்ட விடுதி நடத்திவந்தார். அதன் இணையதளத்தை படூரைச் சேர்ந்த ஹேமந்த் செய்து கொடுத்தான். ‘இந்த விலை இன்னும் பத்து நிமிடம் மட்டுமே’ என்று அதில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வரும். பராமரிப்புக் கட்டணம், பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும்.

ஒரு மாலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண், நடக்க முடியாத தாயோடு வந்தாள். நேரம் போய்விடுமே என்ற பதற்றத்தில், அறை எந்த மாடியில் என்று பார்க்காமலே பதிவு செய்திருந்தாள். அது மாடி அறை. கீழே எதுவும் காலியில்லை. அவள் கோபப்படவில்லை. கைப்பேசியில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து அண்ணனிடம் நீட்டினாள். கடிகாரம் மீண்டும் பத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

அண்ணனும் ஆட்டோக்காரரும் அந்த அம்மாவை நாற்காலியோடு மேலே தூக்கிப் போனார்கள். இறங்கி வந்ததும் அண்ணன் ஹேமந்தை அழைத்தார்.

“அந்தக் கடியாரத்த எடுத்துடுபா. மொத்த ரேட்டையும் மொதப் பக்கத்துலயே போட்டுடு.”

“அண்ணாத்த, பாதி ரூம் காலியா கெடக்கும். நீயே போயி படுத்துக்கினு கெட.”

“படுத்துக்கறேன். தூக்கமாவது வரும்.”

பாதி காலியாகத்தான் கிடந்தது. தை மாதம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் ஹேமந்த், “இன்னாக்கா, கடியாரத்த திரும்ப வெச்சிடட்டா? மூடற நெலமையில கீது” என்றான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

இன்று அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் அழைத்தாள். “கீழ ரூம் இருக்குங்களா? அண்ணன் நல்லா இருக்காருங்களா?”

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, கீழ் அறை ஒன்றை அவள் பெயரில் எழுதிவைத்தேன். ஹேமந்துக்கு ‘கடிகாரம் வேண்டாம்’ என்று அனுப்பினேன். மற்ற ஐந்து அறைகளும் காலிதான்.