குழந்தைகளுக்கு ஏற்றது

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றோருக்கான பத்திரிகையில் கைப்பேசி விளையாட்டுகளுக்கு மதிப்புரை எழுதுவதுதான் வேலை. காசு கேட்கும் இடத்தில் நியாயமாகக் கேட்கிறதா, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பொடி எழுத்து நிபந்தனைகள் வரை துருவிப் பார்ப்பாள். எல்லாம் சரியென்று பட்டால் 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று பச்சை முத்திரை குத்துவாள். மோசடி தெரிந்துவிட்டால் கிழிகிழியென்று கிழித்துவிடுவாள். ஒரு கம்பெனிக்காரன் வழக்குப் போடுவேன் என்று மிரட்டியபோது, தேதியைச் சொல்லுங்கள், லீவு போட வேண்டும் என்றாளாம்.

கோபம் குடும்பச் சொத்து. அப்பா பெல்ட்டை உருவினால் வீடே நடுங்கும். அவளும் அண்ணனும் கட்டிலுக்கடியில் ஒண்டி வளர்ந்தவர்கள். பெரியவர்களானதும் அவளுடைய கோபம் எழுத்துக்குப் போனது. அண்ணனுடையது கைக்கே போனது, அதுதான் கொடுமை.

அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். பின்னால் கேட்ட அலறலில் பேச்சே புரியவில்லை. இவள் போட்டது போட்டபடி அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தால் அண்ணன் கையில் சார்ஜர் வயர். ஒன்பது வயது மகள் சுவர் மூலையில் கிடந்தாள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது, தொடையெல்லாம் வரிவரியாய்த் தடித்திருந்தது. குறுக்கே போன அண்ணியின் கன்னத்திலும் ஒரு கோடு.

நடந்தது இதுதான். கோழிக்குஞ்சு வளர்க்கும் விளையாட்டு ஒன்று. அதில் மகள் அவன் வங்கிக் கணக்கில் முக்கால்வாசியைத் துடைத்து வைத்திருந்தாள். பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒளிந்திருந்து பார்த்துத் திருடினாயா என்று அவன் கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறான். இல்லை இல்லை என்று கதறிய பிள்ளை, கடைசியில் ஆமாம் என்றிருக்கிறது. அதன்பிறகு திருட்டுக்கென்று தனி அடி.

அவள் பாய்ந்து வயரைப் பிடித்தாள். அவன் உதறியதில் உள்ளங்கை எரிந்தது. அவன் கையைக் கடித்தாள். அவன் அவள் முடியைப் பிடித்து மேஜையோடு மோதினான், நெற்றி புடைத்தது.

"திருடியை எதுக்குடி காப்பாத்துற? பாஸ்வேர்ட் இல்லாம எதுவும் வாங்க முடியாதுன்னு எழுதினவளே நீதானே? உன் பச்சை முத்திரையைப் பார்த்துத்தான் போனையே குடுத்தேன்."

எழுதியது அவள்தான். சோதனைக்காக அந்த விளையாட்டில் ஒரு முட்டை வாங்கினாள், பாஸ்வேர்ட் கேட்டது. இன்னொன்று வாங்கப் போனாள், மறுபடி கேட்டது. நம்பி எழுதிவிட்டாள். அலுவலகப் போனில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கும்படி அமைத்து வைத்திருந்தது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. ஊர் போனெல்லாம் அப்படி இருக்குமா என்ன?

"நீ ஒரு தடவையாவது இதுல பாஸ்வேர்ட் போட்டியா?"

மகள் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு முட்டை வாங்கி, போனை அப்படியே அவள் கையில் கொடுத்தானாம்.

"இப்பவும் ஒண்ணு வாங்கு. நீயே வாங்கு."

நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்த்தோ என்னவோ, அவன் வாங்கினான். பாஸ்வேர்ட் போட்டான். முட்டை பொரிந்தது. உடனே பழைய குஞ்சு ஒன்று தலை சாய்ந்தது. மருந்து கொடு என்று விலை போட்ட பொத்தான், பக்கத்தில் குறைந்துகொண்டே போகும் விநாடிகள். இலவச மருந்துக்கு நாளை வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் குஞ்சு செத்துவிடும்.

"அழுத்து."

அழுத்தினான். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அடுத்த குஞ்சு சாய்ந்தது, அழுத்தினான். அதற்கும் கேட்கவில்லை. வங்கியிலிருந்து செய்தி மேல் செய்தி வந்து விழுந்தது.

ஒரு தடவை பாஸ்வேர்ட் போட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கடை திறந்தே கிடக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் குஞ்சுகளுக்கு நோய் வருகிறது என்று அவள் சொன்னாள். தெரியாமல் பச்சை முத்திரை குத்தியது தன் தப்பு என்றும் சொன்னாள். அங்கேயே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டு, மதிப்புரையை இந்த நிமிஷமே எடுக்கச் சொன்னாள். அந்த விளையாட்டுக் கம்பெனியின் விளம்பரம் போய்விடும் என்று அவர் இழுத்தார். தன் பெயரைப் போட்டு ஊரெல்லாம் சொல்வேன் என்றதும் எடுத்தார்.

அண்ணன் போனைத் தரையில் ஓங்கி அடித்தான். காலால் மிதித்தான். அது தூளாகும்வரை மிதித்தான். பிறகு மகளிடம் போய் மண்டியிட்டான். பிள்ளை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டது.

"நீ திருடலைடா கண்ணு. அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ பாஸ்வேர்டைப் பார்க்கலைதானே?"

பிள்ளை அவன் கைகளையே பார்த்தது.

"பார்த்தேன்ப்பா. நான்தான் திருடினேன். அடிக்காதீங்க."