அக்காவைக் கேட்காமல் நான் போட்ட கையெழுத்து

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் மாடம்பாக்கத்துத் தெருக்காரர்களுக்கும் வணக்கம். "நல்லதா மட்டும் எழுதுப்பா" என்றார் மாமா. அக்கா கேட்டிருந்தால், "அப்படின்னா தம்பியைப் பத்தி ரெண்டு வரிதான் வரும்" என்று சிரித்திருப்பார். நான் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது ஊரப்பாக்கத்தில். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போயின. வளர வளர முதுகும் வளைந்தது. அப்பா தூக்கிக்கொண்டு போய் விட்டுப் பத்தாவது வரை படிக்க வைத்தார். பிறகு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் தினமும் தானே போய்த் திறப்பார். கத்திப் பேசுகிறவர்களிடம், "சார், இந்தச் சத்தத்துக்கு மதுரைக்கு போனே வேணாம், நேராவே கேக்கும்" என்பார். அப்பப்பா, அந்த வாய்!

ஒருநாள் மேட்டில் வண்டியைத் தள்ளிவிடுகிறேன் என்று வந்த ஒருவன், பின்னாலிருந்து கையைப் போடக்கூடாத இடத்தில் போட்டான். அக்கா கூச்சல் போட்டு, அன்றே என்னை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்தவர் வண்டியையும் அக்காவையும் ஏற இறங்கப் பார்த்து, "உங்களையாம்மா? ஹெல்ப் பண்ண வந்திருப்பான்" என்றார். புகாரை வாங்கவில்லை. வீட்டில் கூடிப் பேசி, பூத்தை மூடிவிடுவது என்று முடிவெடுத்தோம். தப்பு செய்தவன் தெருவில் நடந்தான், அக்கா வீட்டுக்குள் இருந்தார். அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த வருடமே அக்காவுக்கு மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். சோதிக்கும் கட்டில் நெஞ்சு உயரம். ஏற முடியவில்லை. இரண்டு ஆண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வந்தார்கள், அக்கா வேண்டாம் என்றுவிட்டார். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேறோர் இடத்தில் எடுத்திருந்த ஸ்கேனைப் பார்த்து, அக்காவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கட்டி இருக்கு. கல்யாணம், குழந்தைன்னு ஒண்ணும் இல்லையே. கர்ப்பப்பையை எடுத்துட்டா மாசாமாசம் உங்களுக்கும் தொல்லை இல்லை."

அக்காவுக்குச் செய்த பெரிய துரோகத்தை எழுதுகிறேன். அம்மா, மாமா, நான் மூவரும் ஹாலில் உட்கார்ந்து சம்மதித்தோம். பஞ்சாங்கம் பார்த்து நாள்கூடக் குறித்தோம். அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தார். பயப்படுவாரே என்று, "இன்னொரு ஸ்கேன், வெறும் வயித்துல வரணுமாம்" என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன். கையெழுத்தும் போட்டேன்.

நர்ஸ் வந்து தோட்டைக் கழற்றச் சொன்னதும் அக்கா நிமிர்ந்தார்.

"ஸ்கேனுக்கு எதுக்கும்மா தோட்டைக் கழட்டணும்?"

"ஆபரேஷனுக்குத்தானே வந்திருக்கீங்க? உங்க தம்பி சைன் பண்ணிட்டாரே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "யாரு வயிறுடா அது? காலுதானே எனக்கு வரலை, காது நல்லாத்தானே கேக்குது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கூட வந்திருந்த அம்மா அழுதார். "உன் நல்லதுக்குத்தான்டி" என்றார்.

"என் நல்லதை எனக்குச் சொல்லிட்டு செய்யுங்கம்மா" என்ற அக்கா, வண்டியைக் கொண்டுவரச் சொல்லி வெளியேறிவிட்டார்.

பிறகு அக்காவே விசாரித்து ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு பெண் டாக்டர் தாழ்வான கட்டில் ஒன்றைப் போடச் சொல்லிச் சோதித்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்ததும், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். முதலில் ரத்தசோகைக்கு மருந்து. பிறகு மயக்க மருந்து டாக்டரை வரவழைத்து, வளைந்த முதுகில் ஊசி போட முடியுமா, நுரையீரல் தாங்குமா என்று எக்ஸ்ரே பார்த்தார்கள். முதல் இடத்தில் யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கட்டியை மட்டும் எடுக்கலாமா, கர்ப்பப்பையையும் எடுப்பதா என்று அக்காவிடம் கேட்டார்கள். "கட்டி மட்டும் போதும்" என்று அக்கா சொல்லி, தானே கையெழுத்திட்டார். ஒரு மாதத்தில் தேறி, பூத்தையும் திறந்துவிட்டார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற முகம் எங்களுக்கு இல்லை.

போன வருடம் மூச்சுத்திணறல் முற்றியபோது, எது வேண்டும், எது வேண்டாம் என்று டாக்டரிடம் அக்காவே பேசினார். வீட்டுக்கு வர விரும்பினார், வந்தோம்.

அந்தப் பெண் டாக்டருக்கும், கடைசி வாரங்களில் அக்காவைத் துடைத்துவிட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும், தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.

இந்த மலரின் அட்டைப் படத்தில் அக்கா வண்டியில் உட்கார்ந்து, சூம்பிய கால்கள் தெரியச் சிரிக்கிறார். முகத்தை மட்டும் வெட்டிப் போடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். இந்தப் படத்தை அக்கா சாவதற்கு முன்பே எடுத்து என்னிடம் கொடுத்து, "இதேதான் போடணும், முழுசா" என்றிருந்தார். இந்த முறை அக்காவைக் கேட்டுத்தான் செய்திருக்கிறேன்.

அன்புத் தம்பி