முதல் லைவில் இருபது சேலை

அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர்: நான், என் அண்ணன் மனைவியான மதினி, என் வீட்டுக்காரர். போனில் எங்கள் லைவைப் பார்த்தவர்களையும் சேர்த்தால் நாற்பத்துநான்கு. அந்த நாற்பத்தொரு பேரை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் எழுந்து பேசியதே இல்லை.

டவுணில் மொத்தக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி காலையில்தான் முப்பது சேலையைக் கடனாகக் கொடுத்து விட்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒற்றைச் சேலை. "கடை அடைக்கதுக்குள்ள இருபது சேலையாவது வித்திட்டு வாங்க. தீபாவளிக்கு நூறு சேலை தாரேன். இல்லன்னா இந்த லைவெல்லாம் நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த நூறு சேலையை நம்பித்தான் வீட்டுக்காரர் போன் ஸ்டாண்டும் விளக்கும் வாங்கியிருந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கினோம். பேச்சை நிறுத்தினால் ஆட்கள் போய்விடுவார்களோ என்ற பயத்தில் வேகமாக ஓட்டினேன். முந்தியைக் காட்டி, விலையைச் சொல்லி, அடுத்ததை எடுத்தேன். ஒரு சேலைக்கு இருபது வினாடிகூட ஆகவில்லை. நான்காவதாக நீலத்தைக் காட்டி, கீழே போட்டுவிட்டு, ஐந்தாவதாக மஞ்சளைத் தூக்கியதும் "எனக்கு", "எனக்கு" என்று கமெண்ட் கொட்டியது. மதினி பூரித்துப்போய் ஒன்பது பேரையும் மஞ்சளுக்கு நேராக எழுதினாள். வீட்டுக்காரர் முதலில் கேட்டவருக்குப் பணம் அனுப்பச் சொல்லி வாட்ஸப்பில் செய்தி விட்டார்.

பதில் உடனே வந்தது. 'நான் கேட்டது நீலம். மஞ்சளை உங்க தலையில கெட்டிக்கோங்க.'

வீட்டுக்காரர் கையிலிருந்த போனில் எங்கள் லைவையே சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ பிள்ள, நீ இப்பம் பச்சையைப் பிடிச்சிருக்க. இங்கன இன்னும் மஞ்சள்தான் தெரியுது" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. நாங்கள் காட்டுவது அவர்களுக்குப் பத்துப் பதினைந்து வினாடி பிந்திப் போகிறது. அவர்கள் நீலத்தைப் பார்த்து "எனக்கு" என்று அடிக்கும்போது என் கையில் மஞ்சள் இருக்கிறது.

"பையப் பேசுட்டி. பஸ் கெளம்பிப் போகவா செய்யுது?" என்றாள் மதினி. காலண்டர் அட்டையை வெட்டி ஒன்று முதல் முப்பது வரை பெரிதாக எழுதிச் சேலைகளில் குத்தினாள்.

நான் மன்னிப்புக் கேட்டு, நீலத்தை மறுபடி எடுத்தேன். "எனக்குன்னு மட்டும் போடாதீங்க, சேலை நம்பரையும் போடுங்க" என்றேன். உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துணி என்று வரிசையாகக் காட்டினேன். பிறகு சேலையை மதினி தோளில் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் தன் போனில் பார்த்து "வந்துட்டு" என்று சொல்லும்வரை அடுத்ததைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன்.

"சாயம் போகுமான்னு கேக்காவ. முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்க. மத்த துணியோட போட்டுட்டு எம்மேல கோவப்படாதீங்க."

பதினொன்றாம் நம்பரில் ஓர் இழை இழுத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டி, நூறு ரூபாய் குறைத்தேன். "உள்ள மடிப்புல போயிருமே, ஏன் சொல்லுத?" என்று மதினி முணுமுணுத்தது மைக்கில் கேட்டுவிட்டது. கமெண்டில் சிரிப்புப் படங்கள் வந்து விழுந்தன. அந்தச் சேலையை ஏழு பேர் கேட்டார்கள்.

முதலில் நம்பர் போட்டவருக்குச் சேலை; பத்து நிமிடத்தில் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு. இது வீட்டுக்காரர் வைத்த சட்டம். லைவை முடித்தபோது பணம் வந்திருந்தது பத்தொன்பது சேலைக்கு.

"நாமளே ஒண்ண எடுத்துக்கிடுவோமா, அண்ணே?" என்றாள் மதினி.

வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன் இருபத்தேழாம் நம்பருக்குச் சீவலப்பேரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "எண்ணூத்தம்பது மொத்தமா இல்லக்கா. இப்பம் இருநூறு போடுதேன். மிச்சத்தச் சேலை வந்தப்பெறவு தாரேன்."

"சட்டம் என்னாச்சு?" என்று வீட்டுக்காரர் சைகையால் கேட்டார். போனில் அவளிடம் சரி என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சொன்னது தப்போ என்று பயந்துகொண்டே இருந்தேன். அண்ணாச்சியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். எங்கள் லைவை முழுக்கப் பார்த்திருக்கிறார்.

"இழை போனதக் காட்டி வித்த ஆளு நீதான். இருநூறு வந்திருக்குல்லா, வித்த கணக்குத்தான். நூறு சேலையையும் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிடுங்க."

சீவலப்பேரிக்குச் சேலை போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டிக்கொண்டு படம்கூட அனுப்பினாள், நன்றாகவே இருந்தது. வர வேண்டியது இன்னும் அறுநூற்றைம்பது ரூபாய்.